ஔவையை அறிமுகம் செய்த ஐந்து நிமிடங்கள்

எங்கள் ஊர் இலக்கிய வட்டத்தில் மாதம் ஒரு சங்கப் புலவரைப் பற்றிக் கூட்டம் நடக்கிறது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஔவையாரைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருந்தார். அவருக்கு முன் ஐந்து நிமிடம் புலவரை அறிமுகம் செய்து, ஓர் அடியை வாசித்து அவையைத் தயார்ப்படுத்துவது என் வேலை.

முதலில் ஐயாவையே தொலைபேசியில் அழைத்து எந்தப் பாடல்களை எடுக்கப்போகிறார் என்று கேட்டேன். அறிமுகம் செய்பவர் பேச்சாளரின் பொருளை முன்கூட்டியே தின்றுவிடக் கூடாது. அதியமான் நெல்லிக்கனி தந்ததும் தொண்டைமானிடம் ஔவை தூது போனதும் தன் பேச்சில் வரும் என்றார். அதியமான் இறந்தபின் பாடிய புறநானூறு 235-இல் முடிக்கப்போவதாகவும் சொன்னார். ‘சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே’ என்ற அடியைத்தான் நான் மனதில் வைத்திருந்தேன். அது அவருடையது என்று விட்டுவிட்டேன். இன்னொரு காரணமும் உண்டு. அந்த அடியின் துயரம் முழுவதும் ‘மன்’ என்ற இடைச்சொல்லில் இருக்கிறது. அந்தக் காலம் போய்விட்டதே என்பதை அதுதான் சொல்கிறது. விளக்காமல் வாசித்தால், கள் பகிர்ந்துகொண்ட மகிழ்ச்சி மட்டுமே காதில் விழும்.

அகத்துக்குப் போனேன். குறுந்தொகை 28 ஐந்தே அடிகள். காதல் நோயில் தவிக்கும் தலைவி, தன் நிலை அறியாமல் உறங்கும் ஊரை என்ன செய்வது என்று கேட்கிறாள். முதல் அடி: ‘முட்டுவேன்கொல் தாக்குவேன்கொல்’. முட்டுவதும் தாக்குவதும் இன்றும் நம் வாயில் புழங்கும் சொற்கள். ‘கொல்’ மட்டும் இடறும். அது ஐயத்தைக் காட்டும் அசை. முன்னறிவிப்பு இல்லாமல் கேட்பவர் காதில் கொலை என்றே விழும். பழைய பதிப்பில் சந்தி சேர்த்து ‘வேன்கொ றாக்கு’ என்று அச்சாகியிருக்கும். கண்ணுக்கு அது சரி, காதுக்கு ஆகாது. வாசிக்கச் சொற்களைப் பிரித்தே எழுதிக்கொண்டேன்.

இங்கேதான் அறிமுகத்தின் வரிசை தீர்மானமானது. விளக்க வேண்டிய எல்லாவற்றையும் அடிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும், அடிக்குப் பின் ஒரு சொல்லும் கூடாது. வாசித்துவிட்டு ‘அதாவது’ என்று தொடங்கினால் அவை கேட்பதை விட்டுப் பாடம் படிக்கப் போய்விடும்.

ஆகவே தகவல்களைக் குறைத்தேன். ஆத்திசூடி பாடிய ஔவை வேறு, இவர் அவருக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவர் என்பது முதலில். கோலூன்றிய கிழவி உருவம் மனதை விட்டு நீங்காமல் இந்தத் தலைவியின் குரல் கேட்காது. அடுத்து, சங்கப் பெண்பாற் புலவர்களில் மிகுதியாகப் பாடியவர். கிடைத்த 59 பாடல்களில் 33 புறநானூற்றில் இருக்கின்றன, மற்றவை அகப்பாடல்கள். பிறகு ஊர் உறங்குகிறது, ஒருத்தி விழித்திருக்கிறாள், தனக்குள் கேட்கும் கேள்வியில் ‘கொல்’ என்பது நம் ‘செய்வேனோ’ என்பதன் ஓகாரம் போன்றது. இவ்வளவுதான்.

வாசிப்பில் அதிகம் யோசித்தது குரலின் அளவைப் பற்றி. முட்டுவேன், தாக்குவேன் என்றதும் உரக்கச் சொல்லத்தான் நாக்கு துடிக்கும். பாடலை முழுவதும் பார்த்தால் அது தவறு என்று தெரியும். மூன்றாம் அடியில்தான் ‘ஆஅ ஒல்லெனக் கூவுவேன்கொல்’ வருகிறது. அதுவும் கேள்விதான், அவள் இன்னும் கூவவில்லை. ஊர் கடைசி அடியிலும் உறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. முதல் அடியிலேயே கத்துகிறவர் அந்த ஊரை எழுப்பிவிடுகிறார். எனவே பேச்சுக் குரலுக்கும் கீழே வைத்து, முதல் ‘கொல்’லுக்குப் பின் ஒரு மூச்சு நிறுத்தி, இரண்டாவதைச் சற்றே மேலே தூக்கி முடித்தேன். தாழ்ந்த குரல் கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டுமென்றால் வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரற்கடைக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. கூட்டம் தொடங்குமுன் ஒருவரைப் பின்வரிசையில் உட்காரவைத்து அதைச் சரிபார்த்தேன்.

நிகழ்ச்சி நிரலில் அறிமுகத்துக்குப் பின் பொன்னாடை என்று இருந்தது. பொன்னாடையும் நினைவுப் பரிசும் புகைப்படமும் நடுவில் வந்தால் அடி கரைந்துவிடும் என்று அமைப்பாளரிடம் சொன்னேன். மரியாதையை முன்னால் முடித்துவிட உடனே சம்மதித்தார்.

அடியை வாசித்து, ‘ஔவையார்’ என்று மட்டும் சொல்லி அமர்ந்தேன். ஐயா வணக்கம்கூடச் சொல்லாமல் எழுந்து, மீதி நான்கு அடிகளையும் மனப்பாடமாகச் சொன்னார். அதன் பிறகுதான் அதியமானைத் தொட்டார்.