கோப்பைப் பார்த்தது யார்?

நான் மெய்ப்புத் திருத்தும் பணிக்கு வந்து ஆறாண்டுகள் ஆகியிருந்தபோது ஒரு விசாரணை அறிக்கை என் மேசைக்கு வந்தது. ஒரு கிடங்கில் சரக்குக் கணக்கு இடித்தது பற்றிய நாற்பது பக்க அறிக்கை அது. பதினேழாம் பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது:

கண்காணிப்பாளர் கோப்பைப் பார்த்துக், கையெழுத்திட்டவரிடம் விளக்கம் கேட்டார்.

தமிழில் திருத்தும் பணி செய்பவர் எவருக்கும் இதில் உள்ள பிழை உடனே தெரிந்துவிடும். ‘பார்த்து’ என்னும் வினையெச்சம் வன்தொடர்க் குற்றியலுகரத்தில் முடிகிறது. அடுத்த சொல் ககரத்தில் தொடங்குவதால் இடையில் ‘க்’ மிகும். ஆனால், இரு சொற்களையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லும்போதுதான் அந்த ஒற்று பிறக்கிறது. காற்புள்ளி என்பது அந்த மூச்சை நிறுத்தும் குறி. ஆகவே ஒற்று இருந்தால் காற்புள்ளி கூடாது, காற்புள்ளி இருந்தால் ஒற்று கூடாது. இரண்டில் ஒன்று போக வேண்டும். நான் காற்புள்ளியை எடுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

விதிப்படி அந்தத் திருத்தம் சரிதான். பொருள்தான் தலைகீழானது. ‘கண்காணிப்பாளர் கோப்பைப் பார்த்துக் கையெழுத்திட்டவரிடம் விளக்கம் கேட்டார்’ என்று ஒட்டி எழுதினால், கோப்பைப் பார்த்தவர் கையெழுத்திட்டவர் என்று ஆகிறது. ‘கோப்பைப் பார்த்து, கையெழுத்திட்டவரிடம் விளக்கம் கேட்டார்’ என்று நிறுத்தி எழுதினால், பார்த்தவர் கண்காணிப்பாளர். அறிக்கையை எழுதியவர் சொல்ல வந்தது இந்த இரண்டாவது பொருளைத்தான். அந்த விசாரணையின் முக்கியக் கேள்வியே, கையெழுத்திட்ட ஊழியர் கோப்பைப் படித்துவிட்டுக் கையெழுத்திட்டாரா, படிக்காமல் இட்டாரா என்பது. படிக்கவில்லை என்று அவர் வாக்குமூலம் கொடுத்திருந்தார். அச்சான அறிக்கையோ அவர் படித்தார் என்று சொல்லிவிட்டது. அதைப் பார்த்து அவர் எழுதிய கடிதத்தின் நகல் என்னிடம் வந்தபோது, நான் எடுத்த அந்த ஒரு புள்ளிதான் காரணம் என்று தெரிந்துகொள்ளச் சிறிது நேரம் பிடித்தது.

எங்கள் பிரிவின் மூத்த ஆசிரியர் என்னை அழைத்தார். அவர் கோபப்படவில்லை. “நீங்கள் எதை எடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. எதை எடுக்க வேண்டும் என்று யாரிடம் கேட்டீர்கள்?” என்றார். நான் யாரிடமும் கேட்டிருக்கவில்லை.

அதற்குப் பிறகு என் வேலைமுறை மாறியது. ஒற்றும் காற்புள்ளியும் சேர்ந்து நிற்பதைப் பார்த்தால், ஒன்றை அழிப்பதற்கு முன்பு அந்த வாக்கியத்திலுள்ள ஒவ்வொரு வினையெச்சத்தையும் தனியே எடுத்து, ‘இதைச் செய்தவர் யார்? இது எந்த வினையில் போய் முடிகிறது?’ என்று கேட்கிறேன். மேலே உள்ள வாக்கியத்தில் ‘பார்த்து’ என்பது ‘கையெழுத்திட்டவர்’ என்பதிலும் முடியலாம், ‘கேட்டார்’ என்பதிலும் முடியலாம். வினையெச்சத்துக்கும் அதன் முடிவுக்கும் இடையில் வேறொரு வினையைத் தாங்கிய பெயர் புகுந்துவிட்டால் எப்போதும் இந்தச் சிக்கல் உண்டு. அந்த இடத்தில் விடை என் கையில் இல்லை. எழுதியவரிடமோ மூலப் பதிவிலோதான் இருக்கிறது.

ஒற்று எல்லா இடத்திலும் நமக்குத் துணை நிற்பதும் இல்லை. ‘பார்த்து’, ‘கேட்டு’, ‘கூறி’, ‘போய்’ போன்ற எச்சங்களுக்குப் பின் வல்லினம் வந்தால் ஒற்று மிகும். அதனால் காற்புள்ளி இல்லாவிட்டாலும் ஒற்று இருக்கிறதா இல்லையா என்பதிலிருந்து எழுதியவரின் எண்ணத்தை ஓரளவு ஊகிக்கலாம். ‘வந்து’, ‘சென்று’, ‘செய்து’ ஆகியவற்றுக்குப் பின் ஒற்று மிகாது. ‘கண்காணிப்பாளர் கிடங்குக்கு வந்து கையெழுத்திட்டவரிடம் விளக்கம் கேட்டார்’ என்ற வாக்கியத்தில் வந்தவர் யார் என்பதைக் காற்புள்ளி ஒன்றே சொல்ல முடியும். பெயரெச்சத்திலும் இதே நிலைதான். ‘குழு பரிந்துரைத்த புதிய ஊழியர்களுக்கான பயிற்சித் திட்டம்’ என்றால் குழு பரிந்துரைத்தது ஊழியர்களையா, திட்டத்தையா? ‘பரிந்துரைத்த’ என்பதை அடுத்து ஒரு காற்புள்ளி இட்டால் அது அருகில் உள்ள ஊழியர்களைத் தாண்டித் திட்டத்தைப் பற்றிக்கொள்கிறது. இப்படி ஒரு புள்ளியின் மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றுவது எனக்கு இப்போது பிடிப்பதில்லை. எழுதியவர் இசைந்தால் வாக்கியத்தையே உடைத்துவிடுகிறேன்: ‘கண்காணிப்பாளர் கோப்பைப் பார்த்தார். பிறகு, அதில் கையெழுத்திட்டவரிடம் விளக்கம் கேட்டார்.’ நகலெடுக்கும்போதும் தட்டச்சு செய்யும்போதும் காற்புள்ளி உதிர்ந்துவிடக்கூடும். இரண்டு வாக்கியங்களின் பொருள் அப்படி உதிராது.

ஓலைச்சுவடிகளில் இந்தக் குறிகள் இருந்ததில்லை. அச்சோடு வந்தவை இவை. தமிழ் உரைநடையில் இவற்றைச் சீராகப் பயன்படுத்திப் பரவச் செய்தவர்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆறுமுக நாவலர் முக்கியமானவர். அதற்கு முன்பு அந்த வேலையின் பெரும்பகுதியை ‘உம்’, ‘என்று’, ‘ஆகிய’ போன்றவை செய்துவந்தன. இன்றும் செய்கின்றன. ‘கண்காணிப்பாளரும் எழுத்தரும் காவலரும் வந்தனர்’ என்று எழுதினால் இடையில் காற்புள்ளி தேவையில்லை. உம்மையை எடுத்துவிட்டு ‘கண்காணிப்பாளர், எழுத்தர், காவலர் ஆகியோர் வந்தனர்’ என்று எழுதும்போதுதான் அது தேவைப்படுகிறது. அப்போதும் கடைசிப் பெயருக்கும் ‘ஆகியோர்’ என்பதற்கும் இடையில் குறி வராது.

அந்த அறிக்கையை மறுபதிப்புக்காக முதலிலிருந்து பார்த்தபோது, மேற்கோள் குறியில் இதைவிட ஆழமான ஒரு சிக்கல் இருப்பதைக் கண்டேன். பக்கம் இருபத்தொன்றில் இருந்த வாக்கியம் இது:

விசாரணையின்போது நான் கோப்பைப் பார்க்கவில்லை என்று ஊழியர் கூறினார்.

தமிழில் பிறர் பேச்சு முடியும் இடத்தை ‘என்று’ தெளிவாகக் காட்டிவிடுகிறது. அது தொடங்கும் இடத்தைக் காட்ட எந்தச் சொல்லும் இல்லை. ‘விசாரணையின்போது’ என்பது ஊழியரின் பேச்சுக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? உள்ளே என்றால் விசாரணை நடந்த நேரத்தில் அவர் கோப்பைப் பார்க்கவில்லை. வெளியே என்றால் விசாரணையில் அவர் இதைச் சொன்னார். ‘நான்’ என்பதும் மேற்கோள் குறி இல்லாதபோது அறிக்கை எழுதியவரைக் குறிக்கக்கூடும். மூடும் குறியை எங்கே இடுவது என்று நான் இதுவரை தடுமாறியதில்லை. தொடக்கக் குறியைத்தான் ஒவ்வொரு முறையும் மூலத்தோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது.

கையெழுத்தில் இருந்த வாக்குமூலத்தை வரவழைத்துப் பார்த்தேன். “நான் கோப்பைப் பார்க்கவில்லை. கையெழுத்து மட்டும் இட்டேன்” என்பதே அவருடைய சொற்கள். எனவே தொடக்கக் குறி ‘நான்’ என்பதற்கு முன்பு வந்தது. மூலத்தில் அந்தச் சொற்கள் அப்படியே இல்லை என்றால் குறியே இடக்கூடாது. அப்போது ‘தான் கோப்பைப் பார்க்கவில்லை என்று ஊழியர் கூறினார்’ என்று அயற்கூற்றாக எழுத வேண்டும். மேற்கோள் குறிக்குள் பேசுபவரையே சுட்டும் ‘தான்’ வந்தாலும், குறி இல்லாத கூற்றில் ‘நான்’ வந்தாலும் நான் அங்கே நின்று மூலத்தைத் தேடுவேன். பெரும்பாலும் அங்கே யாரோ ஒருவர் நேர்க்கூற்றையும் அயற்கூற்றையும் பாதியில் கலந்திருப்பார்.

இந்த மேற்கோளில் முற்றுப்புள்ளி எங்கே வர வேண்டும் என்பதில் பதிப்பகத்துக்குப் பதிப்பகம் வழக்கம் வேறுபடுகிறது. நாங்கள் கடைப்பிடிப்பது இது: கூற்றுக்குள் இரண்டு வாக்கியங்கள் இருந்தால் முதல் வாக்கியத்தின் முற்றுப்புள்ளி அப்படியே இருக்கும். ‘என்று’, ‘என்றார்’ ஆகியவற்றுக்கு முன்னால் வரும் கடைசி வாக்கியத்தின் புள்ளி நீங்கும், ஏனென்றால் முழு வாக்கியம் இன்னும் முடியவில்லை, ‘கூறினார்’ என்னும் வினைமுற்றில்தான் முடியப்போகிறது. வினாக்குறியும் உணர்ச்சிக்குறியும் கூற்றுக்கே உரியவை என்பதால் உள்ளேயே நிற்கும். மூடும் குறிக்கும் ‘என்று’ என்பதற்கும் இடையில் காற்புள்ளி வேண்டாம். கூற்றுக்கு முன்னால் பேசுபவரின் பெயர் வந்தால், அதை அடுத்து ஒரு காற்புள்ளி இடுகிறோம். சிலர் கடைசிப் புள்ளியையும் உள்ளே வைத்திருக்கிறார்கள். அதில் பொருள் கெடுவதில்லை என்பதால் நான் அவர்களோடு வாதிடுவதில்லை. ஒரே ஆவணத்துக்குள் இரண்டு வழக்கமும் கலந்தால் மட்டும் விடமாட்டேன்.

வேற்றுமை உருபு வரும் இடம் இன்னொரு தொல்லை. நூல் பெயர் ‘சிலப்பதிகாரம்’. அதோடு ‘இல்’ சேரும்போது ‘சிலப்பதிகார’த்தில் என்று பெயரை வெட்டுவதா, ‘சிலப்பதிகாரத்தில்’ என்று உருபையும் குறிக்குள் அடைப்பதா? முதலாவது நூலின் பெயரைச் சிதைக்கிறது. இரண்டாவது இல்லாத ஒரு பெயரைக் காட்டுகிறது. நான் ‘சிலப்பதிகாரம்’ நூலில் என்று ஒரு சொல்லைக் கூட்டி விலகிவிடுகிறேன்.

இப்போது கோப்பு அச்சுக்குப் போகும் முன்பு கணினியில் இரண்டு தேடல்கள் செய்கிறேன். ‘regex’ எனப்படும் வடிவத்தேடல் வசதி உள்ள திருத்திகளில் இவை வேலை செய்யும்:

```
[கசதப]்,
\.” ?என
```

முதலாவது, ஒற்றும் காற்புள்ளியும் ஒட்டி நிற்கும் இடங்களைத் தருகிறது. ‘மார்ச்,’ போன்ற சரியான சொற்களும் அதில் வந்து விழும் என்பதால், எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றும் பொத்தானை நான் தொடுவதில்லை. இரண்டாவது, ‘என்று’, ‘என’ ஆகியவற்றுக்கு முன்னால் எஞ்சிய முற்றுப்புள்ளியைக் காட்டும். பிறகு தொடக்கக் குறி எத்தனை, மூடும் குறி எத்தனை என்று எண்ணிப் பார்க்கிறேன். கூற்று பல பத்திகளுக்கு நீண்டால் ஒவ்வொரு பத்தியும் தொடக்கக் குறியோடு தொடங்கி, கடைசிப் பத்தியில் மட்டும் மூடும் குறி வரும். அப்போது எண்ணிக்கை பொருந்தாமல் போவது பிழையன்று. நேர்க்கோட்டுக் குறிகள் கலந்திருந்தால் இந்த எண்ணிக்கைக்கே பொருளில்லை. அவற்றை முதலில் வளைந்த குறிகளாக்கிக்கொள்ள வேண்டும்.

பார்த்தவர் யார் என்பதையும் பேச்சு எங்கே தொடங்குகிறது என்பதையும் எந்தத் தேடலும் சொல்லாது. அதற்காக ஒரு முறை வாய்விட்டுப் படிக்கிறேன். நிறுத்தும் இடம் தாளில் உள்ள குறியோடு முரண்பட்டால், ஓரத்தில் வினாக்குறி இட்டு எழுதியவருக்கு அனுப்புகிறேன்.

அறிக்கையின் மறுபதிப்பில் பதினேழாம் பக்கத்து வாக்கியம் இரண்டாக உடைந்து வெளிவந்தது. அதன் முதல் படியை அந்த ஊழியருக்கு அனுப்பும்படி கேட்டுக்கொண்டேன்.