ஒரே நோட்டீஸை இரண்டு தடவை அச்சடித்த கதை

ஊர்ப் பள்ளி நூலகத்துக்கு நன்கொடை கேட்டு நோட்டீஸ் போடும் வேலை என் தலையில் விழுந்தது. ஏ5 அளவு, ஒரு பக்கம், 500 பிரதி. அவ்வளவுதானே என்று இறங்கினேன். அதில் 440 பிரதி இன்னும் என் வீட்டுப் பரணில் கிடக்கிறது.

முதல் தப்பு படத்தில். அலைபேசியில் வந்த ஒரு குழுப் படத்திலிருந்து, புத்தகம் படிக்கும் ஒரு சிறுமியை மட்டும் வெட்டி எடுத்தேன். திரையில் அழகாகத்தான் இருந்தது. அச்சில் அவள் முகம் முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது. கணக்கு எளிது: ஏ5 தாளின் முழு அகலம் 148 மில்லிமீட்டர். அதில் படம் தெளிவாக வர ஏறக்குறைய 1,750 பிக்சல் வேண்டும். நான் வெட்டிய துண்டில் இருந்தது 400. அச்சகத்தார் புரூப் அனுப்பியபோது அதைக் கைக்குள் அடங்கும் திரையில் பார்த்து ‘ஓகே’ சொன்னது நான்தான், யாரைத் திட்டுவது? சாதாரணப் பிரிண்டரிலாவது அதே அளவில் ஒரு தாள் எடுத்துப் பார்த்திருக்கலாம்.

சரி, அச்சடித்தாயிற்று, கொடுத்துப் பார்ப்போம் என்று பெற்றோர் கூட்டத்தில் 60 பேரிடம் நீட்டினேன். அப்போதுதான் இரண்டாவது தப்பு தெரிந்தது. கடைசி வரியில் ‘தங்களால் இயன்ற நிதியுதவி அளித்து ஆதரிக்க வேண்டுகிறோம்’ என்று எழுதியிருந்தேன். ஒரு பெரியவர் இரண்டு தடவை படித்துவிட்டு, “எவ்வளவுன்னு போடலையே தம்பி, கொறச்சுக் கொடுத்தா நல்லாருக்காதே” என்றார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு வந்த பணம் அச்சுக்கூலிக்கே காணாது.

மறுபடி உட்கார்ந்தோம். அந்தச் சிறுமியின் அம்மாவிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில், பெரும்பாலும் காலியாகக் கிடந்த நூலக அலமாரிக்கு முன்னால் புதிதாகப் படம் எடுத்தோம். பெயர் போடவில்லை. படத்தைக் கோப்பாகவே அனுப்பச் சொன்னேன். படமாக அனுப்பினால் செய்தி அனுப்பும் செயலி அதைச் சுருக்கிவிடும். கீழே ஒரே வரி: ‘ஆறு தட்டில் நிரம்பியது ஒன்று.’ அதற்கு நேர் கீழே, பெரிய எழுத்தில் கோரிக்கை: ஒரு புத்தகத்துக்கு இவ்வளவு, ஒரு தட்டு நிரம்ப 40 புத்தகத்துக்கு இவ்வளவு, இந்தத் தேதிக்குள். பணம் அனுப்பும் கியூஆர் கட்டத்தைப் படத்தின் மேலேயே வைக்கப் பார்த்தார் டிசைனர். விடவில்லை. வெள்ளைப் பின்னணியில் இரண்டரை சென்டிமீட்டருக்கு வைக்கச் சொல்லி, அச்சான தாளையே மூன்று அலைபேசிகளில் ஸ்கேன் செய்து பார்த்த பிறகுதான் தலையாட்டினேன்.

அடுத்த கூட்டத்துக்கும் அதே பெரியவர் வந்தார். நோட்டீஸைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து, “இப்பத்தான் பொண்ணு மூஞ்சி தெரியுது” என்றார். அப்புறம் இரண்டு புத்தகத்துக்குப் பணத்தை எண்ணி வைத்துவிட்டு ரசீது கேட்டார். ரசீதுப் புத்தகம் என்னிடம் இல்லை.