ஐந்தாம் நாள் ரிப்போர்ட்டில் 82

அப்பாவுக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்த ஐந்தாம் நாள், டிஸ்சார்ஜுக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 82 என்று இருந்தது. அம்மாவுக்குப் பெரிய நிம்மதி. அப்பாவோ, “கொழுப்பே இல்லையே, அப்புறம் எதுக்கு 80 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டாட்டின்?” என்று மாத்திரை அட்டையைத் தள்ளி வைத்தார். எனக்கும் குழப்பம்தான். நான்கு மாதம் முன்பு எடுத்த ரிப்போர்ட் வீட்டு பீரோவில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

அவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பழையதில் மொத்தக் கொழுப்பு 226, நல்ல கொழுப்பான எச்.டி.எல். 38, ட்ரைகிளிசரைடு 190, எல்.டி.எல். 150. புதியதில் மொத்தம் 160, எச்.டி.எல். 30, ட்ரைகிளிசரைடு 240. “பாரும்மா, கெட்டதும் இறங்கியிருக்கு, நல்லதும் இறங்கியிருக்கு, ட்ரைகிளிசரைடு மட்டும் ஏறியிருக்கு. இது உடம்பு அடிபட்டதோட அடையாளம்” என்றார்.

இதயத் தசை சேதமானதும் உடம்பில் அழற்சி கிளம்பி, கொழுப்பைக் கையாளும் விதமே மாறிவிடுகிறதாம். முதல் 24 மணி நேரத்துக்குள் எடுத்தால் ஓரளவு உண்மை அளவு கிடைக்கும். அதன்பின் எல்.டி.எல். இறங்க ஆரம்பிக்கும், பழைய நிலைக்கு வரச் சில வாரங்கள் ஆகும். அப்பாவுக்கு முதல் நாளே மாத்திரையும் தொடங்கிவிட்டதால் அதன் பங்கும் அந்த 82-இல் கலந்திருந்தது. கடுமையான காய்ச்சல், கிருமித் தொற்று, பெரிய அறுவை சிகிச்சை சமயத்திலும் இப்படித்தான் இறங்குமாம்.

என் தங்கை அப்போது எட்டு மாதக் கர்ப்பம். அவளைப் பற்றியும் கேட்டேன். கர்ப்பத்தில் நேர்மாறாக எல்லாமே ஏறும், ட்ரைகிளிசரைடு இரண்டு மூன்று மடங்குகூட ஆகும், பிரசவமாகிச் சில வாரம் கழித்துப் பார்ப்பதே சரி என்றார். ஆனால் ட்ரைகிளிசரைடு ஆயிரத்தை நெருங்கினால் காத்திருக்கக் கூடாது, கணைய அழற்சி வரக்கூடும் என்பதையும் அழுத்திச் சொன்னார்.

அப்பா மாத்திரையைத் தொடர்ந்தார். ஆறு வாரம் கழித்து எல்.டி.எல். 68. பழைய தாள் இல்லையென்றால் 82-இலிருந்து 68-க்கு வந்ததாகத்தான் எடுத்துக்கொண்டிருப்போம். ஆறு வாரத்தில் இவ்வளவுதானா, மருந்து வேலை செய்யவில்லை என்று தோன்றியிருக்கும். 150-இலிருந்து பார்த்தால் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது, மருந்து நன்றாகவே வேலை செய்கிறது. ஆனாலும் மாரடைப்பு வந்தவருக்கு 55-க்குக் கீழே போக வேண்டும் என்று எசெடிமைப் 10 மில்லிகிராம் சேர்த்தார். அடுத்த பரிசோதனை இன்னும் ஆறு வாரத்தில். மூன்று தாள்களையும் தேதி வாரியாக ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன். ஐந்தாம் நாள் தாளின் மேலே “மாரடைப்புக்குப் பின் 5-ஆம் நாள்” என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.