தாத்தா இல்லாத படங்கள்

2024 ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆவணி கடைசி ஞாயிறு தாத்தாவுக்குத் திருக்கடையூரில் சதாபிஷேகம். பழைய படங்களைச் சேர்த்து ஓர் ஆல்பம், மண்டப வாசலுக்கு ஒரு பிளக்ஸ். இரண்டும் என் பொறுப்பு. காலையில் பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கி, கூடத்தில் படங்களைப் பரப்பினேன்.

தாத்தா எதிலும் இல்லை. அத்தையின் காதுகுத்து, அப்பா பள்ளியில் பரிசு வாங்கியது, தாத்தாவின் தங்கை பெரியகுளத்து அப்பத்தாவின் கல்யாணம் என்று எல்லாமே இருக்கின்றன. மதுரையில் ஸ்டுடியோவிலேயே வேலை பார்த்தவர் கேமராவுக்குப் பின்னால் நின்றிருப்பார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தக் காலத்து பிரிண்ட்களுக்கு நாலு பக்கமும் வெள்ளை ஓரம் இருக்கும். எங்கள் வீட்டுப் படங்களில் பலவற்றுக்கு மூன்று பக்கம்தான் இருக்கிறது. நாலாவது பக்கத்தில் ஓரமே இல்லாமல் படம் அப்படியே முடிகிறது. கிழித்த பிசிறு எதுவும் கிடையாது. ஸ்கேல் வைத்து பிளேடால் ஒரே இழுப்பில் வெட்டியது.

1978 என்று பின்னால் எழுதியிருக்கும் குடும்பப் படத்தில் அப்பத்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நாற்காலி முதுகில் நாலு விரல் தெரிகிறது. விரலுக்கு உரிய ஆள் படத்தில் இல்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இதை இப்போதும் செய்கிறார் என்று இன்றைக்குத்தான் கவனித்தேன். அத்தை பேரனின் பிறந்தநாளுக்கு தாத்தா போனில்தான் படம் எடுத்தோம். குடும்ப குரூப்பில் போடச் சொன்னதும், வாங்கிக்கொண்டுபோய் ஜன்னலோரம் உட்கார்ந்தார். அனுப்புவதற்கு முன்பு வரும் சட்டத்தின் வலது மூலையைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளினார். தன் தோள் போகும் வரைக்கும் தள்ளிவிட்டு, குழந்தை நடுவில் வருகிறதா என்று பார்த்து மேல்பக்கத்தையும் கொஞ்சம் குறைத்தார். அப்புறம்தான் அனுப்பினார்.

“ஏன் தாத்தா உங்களை எடுத்துட்டீங்க?”

“ஓரத்துல நான் நின்னா பாக்குறவன் கண்ணு அங்க போயிரும்மா. படம் புள்ளைக்குல்ல.”

தொழில் தெரிந்தவர் சொல்வதால் உடனே மறுத்துப் பேச முடியவில்லை. வாட்ஸ்அப்பில் அப்படி வெட்டினாலும் போனில் இருக்கும் மூலப் படம் மாறாது. அவர் அசந்த நேரத்தில் கேலரியைத் திறந்தேன். குழந்தைக்குப் பக்கத்தில் தாத்தா முழுசாக நின்று சிரித்துக்கொண்டிருக்கிறார். எதையும் அழிக்கவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அப்பத்தாவிடம் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்.

கல்யாணத்தின்போது தாத்தாவுக்கு வெண்புள்ளி கிடையாது. 1970-இல் உதட்டோரம் ஒரு பொட்டு வந்தது. இரண்டு வருடத்தில் கன்னத்துக்கும் கைக்கும் பரவிவிட்டது. அப்போது வீட்டில் தாத்தாவின் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் குடும்பப் படம் கேட்டார்கள். தாத்தாவே எடுத்து, பிரிண்டில் தன் கன்னத்து வெள்ளைமேல் சாயம் தொட்டு மறைத்துக் கொடுத்தார். அவர்களுக்கும் பிடித்துப்போனது. நிச்சயம் பேச நேரில் வந்தபோது வாசலில் வரவேற்றது தாத்தா.

“‘போட்டோவுல ஏமாத்திட்டீங்களே’ன்னு ஒரு வார்த்தைதான் சொன்னாக. காபியைக்கூடத் தொடல” என்றார் அப்பத்தா.

அடுத்த வரனுக்குப் படம் கேட்டபோது தாத்தா சாயம் எடுக்கவில்லை. பிளேடு எடுத்தார். பார்க்க வந்த அன்றைக்கு, வெளியூர் வேலை என்று சொல்லிவிட்டு ஸ்டுடியோவிலேயே படுத்துக்கொண்டார். அந்த வரன்தான் பெரியகுளத்து மாப்பிள்ளை. தாத்தா கல்யாணத்துக்குப் போனார். ஆனால் பந்தலில் பந்தி விசாரிக்கும் பக்கமே நின்றுகொண்டார்.

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை. தாத்தாவிடம் நேரே படத்தைப் பற்றிப் பேசவில்லை. அவருடைய வேலையைப் பற்றிக் கேட்டேன். நான் எதற்குக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் விவரமாகச் சொன்னார்.

ஸ்டுடியோவில் அவர் ரீடச்சிங் ஆள். சாய்வான பெட்டி ஒன்று, நடுவில் மங்கலான கண்ணாடி, அதன்மேல் நெகட்டிவ். கீழே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி ஜன்னல் வெளிச்சத்தை மேலே திருப்பிவிடும். நெகட்டிவில் பென்சில் ஒட்டாது என்பதால் முதலில் பஞ்சால் ஒரு பிசின் திரவத்தைத் தடவ வேண்டும். பென்சிலை உப்புத்தாளில் தேய்த்து ஊசிபோலச் சீவிக்கொண்டு, கண்ணுக்கே தெரியாத சின்னச் சின்னக் கோடாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும்.

“நெகட்டிவுல எல்லாம் தலைகீழ். மொகத்துல கருப்பா இருக்கிற பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழ இருக்கிற நிழல் எல்லாம் நெகட்டிவுல வெளுப்பா, தெளிவா இருக்கும். அந்த எடத்தைப் பென்சிலால மூடினா பிரிண்ட்ல வெளிச்சம் தடைபட்டு அங்க வெளுத்துரும். பரு காணாமப் போயிரும்.”

“வெள்ளையா இருந்தா?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “வெள்ளை நெகட்டிவுல கருப்பா, அடர்த்தியா நிக்கும். பென்சிலால கூட்டத்தான் முடியும், கொறைக்க முடியாது. கத்தி முனையால மருந்தைச் சுரண்டணும். கண்ணாடி பிளேட்ல பண்ணலாம். ரோல் பிலிம்ல மருந்துப் பூச்சு மெலிசு, ஒரு சுரண்டல் கூடிட்டா கீறல் விழுந்துரும். இல்லாட்டி ஒவ்வொரு பிரிண்ட்லயும் சாயம் தொடணும்.”

ஊரில் உள்ளவர்களின் கருப்பையெல்லாம் பென்சிலால் எடுத்துக் கொடுத்தவருக்குத் தன் முகத்தில் இருந்தது அந்தப் பென்சிலுக்கு அடங்காத ஒன்று. அதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

“அதனாலதான் வெட்டிட்டீங்களா?”

“சாயம் தொட்டது பொய்யின்னு ஆயிருச்சு. வெட்டினா பொய் இல்லையேம்மா. நான் அங்க இல்ல, அவ்வளவுதான்.”

ஆகஸ்ட் 24, சனி

இன்று வீட்டில் சண்டை. எனக்கு வந்திருக்கும் வரனுக்கு ஜாதகத்தோடு குடும்பப் படமும் கேட்டிருக்கிறார்கள். பொங்கலுக்கு எடுத்த படத்தை அப்பா தேர்ந்தெடுத்தார். தாத்தா போனைக் கையில் வாங்கிக்கொண்டு வழக்கம்போல ஜன்னலுக்குப் போனார். யாரும் தடுக்கவில்லை. யாருக்கும் அது விசித்திரமாகவே தெரியவில்லை. இத்தனை வருடமாக அவர் வெட்டியது யாருக்காக என்று அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. தங்கைக்கு, அப்புறம் அத்தைக்கு, இப்போது எனக்கு.

நான் போனைப் பிடுங்கிக்கொண்டேன். அந்தப் படம் அப்படியேதான் போக வேண்டும் என்றேன். அப்பா “உனக்கு ஊர் தெரியாது” என்றார்.

ஊர் தெரியாமல் நான் பேசவில்லை. வெண்புள்ளி தொற்றாது. தோலுக்கு நிறம் தரும் செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுவதால் வருவது. தொழுநோய்க்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. தொழுநோய்த் தேமலில் உணர்ச்சி மரத்துப்போகும். தாத்தாவின் கையில் வெள்ளையான இடத்தில் எறும்பு ஊர்ந்தாலும் அவருக்குத் தெரியும். பரம்பரைக்கு இதில் ஓரளவு பங்கு உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் இது உள்ள பெரும்பாலானவர்களின் வீட்டில் வேறு யாருக்கும் இருப்பதில்லை. எங்கள் வீட்டிலும் இல்லை. இதையெல்லாம் கேட்டுவிட்டும் வேண்டாம் என்று சொல்கிறவர்கள் வீட்டில் நான் எப்படி வாழ்வேன்?

தாத்தா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். அப்பா படத்தை அனுப்பவில்லை. நான் அனுப்பிவிட்டேன், முழுப் படத்தை.

செப்டம்பர் 1, ஞாயிறு

வரன் வீட்டிலிருந்து இன்னும் பதில் இல்லை. அப்பா என்னோடு அளவாகத்தான் பேசுகிறார்.

மத்தியானம் தாத்தா தன் அலமாரியிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இண்டு’ பேப்பர் வந்த பெட்டி. உள்ளே ஒவ்வொரு நெகட்டிவும் தனித்தனி பட்டர் பேப்பர் உறையில், வருடம் எழுதி, வரிசையாக இருந்தது. ஒன்றில்கூட பிளேடு படவில்லை.

“நெகட்டிவை வெட்டக்கூடாது. அது தொழில்” என்றார்.

1978 உறையைத் தேடி எடுத்தோம். ஸ்கேனர் இல்லாததால், டேப்லெட்டில் வெறும் வெள்ளைத் திரையைப் போட்டு, அதற்குமேல் ஒரு கண்ணாடித் தட்டை இரண்டு புத்தகத்தின்மேல் தூக்கி வைத்து, அதில் நெகட்டிவை வைத்தேன். திரையின்மேலேயே வைத்தால் அதன் புள்ளிகளும் படத்தில் விழும். அறை விளக்கை அணைத்துவிட்டு நேர் மேலிருந்து போனில் எடுத்தேன். நிறத்தைத் தலைகீழாக்கியதும் படம் வந்தது. ஆனால் தாத்தாவின் சட்டைப்பை வலது பக்கம் இருந்தது. “மருந்துப் பக்கம் மேல இருக்கு, திருப்பு” என்றார். பளபளப்பில்லாத பக்கத்தைக் கீழே போட்டு எடுத்ததும் பை இடது பக்கம் வந்தது, அப்பத்தாவின் முந்தானையும் இடது தோளுக்கு வந்தது.

நாற்காலியைப் பிடித்திருந்த விரல்களுக்கு உரியவர் முப்பத்து நாலு வயதில், அடர்ந்த மீசையோடு, நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிக்கச் சொன்னார். சாய்த்தால் பென்சில் வேலை மட்டும் ஈயப் பளபளப்போடு தெரிகிறது. அப்பத்தாவின் கண்ணுக்குக் கீழே, அத்தையின் நெற்றித் தழும்பில், அப்பாவின் முகவாயில்கூட ஒரு சின்னத் தீற்றல். தாத்தாவின் முகத்தில் பென்சிலும் இல்லை, கத்தியும் இல்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

வரன் வீட்டில் “கொஞ்ச நாள் போகட்டும்” என்று சொல்லிவிட்டார்கள். சரி. அப்பத்தாதான் கொஞ்சம் அழுதார். தாத்தா என் அறை வாசலில் வந்து நின்று, “நான் சொன்னேன்ல” என்றார். நானும் விடவில்லை. “போனது அவங்க, தாத்தா. நீங்க ஏன் போகணும்?” என்றேன். பதில் சொல்லவில்லை, ஆனால் ஆல்பத்துக்கு எடுத்த படங்களைப் பார்க்கக் கேட்டார். பார்த்துவிட்டு ஒன்றில் வானம் வெளிறிவிட்டது என்றும், இன்னொன்றை மறுபடி எடுக்க வேண்டும் என்றும் சொன்னார்.

செப்டம்பர் 12, வியாழன்

பிளக்ஸ் கடையிலிருந்து மாதிரி வந்தது. நாங்கள் கொடுத்தது போன மாதம் அத்தை எடுத்த தாத்தா அப்பத்தா படம். கடைப் பையன் நல்லது செய்வதாக நினைத்து, தாத்தா முகத்தில் வெள்ளை இருந்த இடத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் மாநிறமாக நிரவியிருந்தான். அப்பாவுக்கு அது பிடித்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைக் கண்ணருகே கொண்டுபோனார்.

“கன்னத்துல தோலோட ரேகையே இல்ல. மெழுகிவிட்டிருக்கான். யாரு இந்த ஆளு?”

அப்பா, “நல்லாத்தானப்பா இருக்கு” என்றார்.

“ஒரு தடவை மறைச்சுக் கொடுத்து என்ன ஆச்சுன்னு ஒனக்குத் தெரியாதா? வாசல்ல ஒரு மொகம், உள்ள ஒரு மொகமா நான் உக்காரணும்?”

சாயங்காலம் அவரை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. மூலப் படத்தைத் திறக்கச் சொல்லி, அவன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார் தாத்தா. முகத்தில் எதையும் தொடாதே, அப்பத்தா பக்கம் வெளிச்சம் மட்டும் கொஞ்சம் கூட்டு, வலது ஓரத்தில் என் தோள் வெட்டுப்படுகிறது, சட்டத்தை வெளியே இழு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அகலம் கூடினால் ரேட்டும் கூடும் என்றான் பையன். நான் பேசியதைவிடக் கூடுதலாகக் கேட்டான். கொடுத்துவிடலாம் என்று தாத்தாவே பர்ஸை எடுத்தார். நாளைக்கு மதியம் பிரிண்ட் தருகிறானாம்.