கலங்கிய தண்ணீரை நம்பாதீர்கள்

ஆடைகளின் தரம் பார்க்கும் ஆய்வகத்தில் வேலை என்றாலே, புதுத்துணியை நீட்டி "சாயம் போகுமா?" என்று கேட்பவர்கள் அதிகம். பலரும் வாளித் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் பார்ப்பது பக்கத்துத் துணியை. தண்ணீர் சிவந்தும் வெள்ளைத்துணி தப்பிவிடலாம்; தண்ணீர் தெளிவாக இருந்தும் ஈரத்தில் ஒட்டிக் கிடந்த காலர் கறைபடலாம்.

சக ஊழியர் ஒருவர் வெள்ளைக் காலர் வைத்த அடர்சிவப்புப் பருத்திச் சட்டையைக் கொண்டுவந்தார். வீட்டிலேயே செய்யக்கூடிய முறையில்தான் அதைச் சோதித்தோம். கீழ் மடிப்பின் உட்புறம், பக்கத் தையலை ஒட்டிய இடம்; அங்கே கறை விழுந்தாலும் வெளியே தெரியாது. கஞ்சியில்லாத பழைய வெள்ளைப் பருத்தித் துணியை ஆள்காட்டி விரலில் இறுக்கிச் சுற்றி, ஒரே அழுத்தத்தில் முன்னும் பின்னுமாகப் பத்து முறை தேய்த்தோம். துணி சுத்தமாகவே இருந்தது. வேறொரு துண்டை நனைத்துப் பிழிந்து, புது இடத்தில் அதேபோல் தேய்த்தபோது இளஞ்சிவப்புத் தடம் பளிச்சென விழுந்தது. உலர்ந்த துணியோடு நிறுத்தியிருந்தால் சட்டை தேறியிருக்கும்.

அடுத்தது சலவை. வழக்கமான சோப்புத்தூள் கரைத்த வெதுவெதுப்பான நீரில் மடிப்பின் ஓரத்தை நனைத்து, இரண்டு வெள்ளைத் துண்டுகளுக்கு நடுவே வைத்து, மேலே கனமான பாத்திரத்தை ஏற்றி அரைமணி நேரம் விட்டோம். ஒரு துண்டு பருத்தி, மற்றது நைலான். பருத்தியில் மட்டும் பார்ப்பது போதாது. பாலியஸ்டருக்கு ஏற்றும் சாயம் கழன்றால் பருத்தியைவிட நைலானைத்தான் எளிதில் பற்றும். துண்டுகளைத் தனித்தனியே உலர்த்திய பிறகே, பயன்படுத்தாத வெள்ளைத்துணி அருகில் வைத்து, பகல் வெளிச்சத்தில் ஒப்பிட வேண்டும். ஈரத்தில் எல்லாமே அழுக்காகத் தெரியும்.

பருத்தித் துண்டில் மங்கலான சிவப்பு ஏறியிருந்தது. இது இழையோடு பிணையாமல் தங்கிய உபரிச் சாயமா, பிடிப்பே இல்லாத சாயமா என்பதுதான் கேள்வி. தனியாக, நிறையக் குளிர்ந்த நீரில், ஊறவிடாமல் அலசி, காலர் சட்டையின் சிவப்புப் பகுதியைத் தொடாதபடி உடனே காயப்போடச் சொன்னேன். பிறகு அதே சோதனை. இம்முறை ஈரத்துணியில் சாயல் மட்டுமே விழுந்தது. ஆக, உபரிச் சாயம். கறை முன்போலவே விழுந்திருந்தால் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருப்பேன். உப்பும் வினிகரும் பிடிப்பில்லாத சாயத்தைக் கட்டிவைக்காது. சாயப்பட்டறையில் உப்பு சாயத்தை இழைக்குள் தள்ளத்தான் உதவுகிறது, பிணைப்பது காரம்.

நீல ஜீன்ஸுக்கு இந்த அளவுகோல் வேண்டாம். இண்டிகோ நூலின் மேற்புறத்தில்தான் படிந்திருக்கும். ஈரத்தில் தேய்த்தால் கறை விழுவது அதன் இயல்பு. பலமுறை துவைத்தாலும் வெளிர்நிற சோபாவில் உட்காரும்போது கவனம் தேவை. மடிப்புக்குள் செய்யும் சோதனை இன்னொன்றையும் சொல்லாது: வெயிலில் நிறம் வெளுக்குமா என்பதை.