பர்னரின் அடிப்பக்கம்

மதுரையில் எரிவாயு அடுப்புகளுக்கான உதிரிபாகக் கடையொன்றில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். முன்பெல்லாம் பழைய பர்னரைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வாடிக்கையாளர்கள் நேரில் வருவார்கள். இப்போது வருகிறவர்களைவிட வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, “இது இருக்கா?” என்று கேட்கிறவர்களே அதிகம். படத்தைப் பார்த்துப் பொருளை அடையாளம் காண்பது எளிது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள ஓர் ஊரிலிருந்து வந்த ஒரு படம் அந்த நினைப்பை மாற்றியது.

அந்த அக்காவின் வீட்டில் இருப்பது மூன்று பர்னர் அடுப்பு. வாங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. முகப்பில் இருந்த கம்பெனிப் பெயர் தேய்ந்து அழிந்துவிட்டது. நடுத்தர பர்னரின் ஓட்டைகள் தேய்ந்து ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டதால், தீ ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் அணைந்தும் எரிகிறது என்று சொல்லி, பர்னரை மேலிருந்து எடுத்த படம் ஒன்றை அனுப்பினார். பித்தளை பர்னர், இரண்டு வரிசை ஓட்டைகள், நடுவில் சிறு குழிவு. எங்கள் கடையில் மட்டும் அதே தோற்றத்தில் நான்கு அளவுகளில் பர்னர்கள் இருந்தன.

இந்த இடத்தில் அடுப்பின் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். வாயு ஜெட்டின் நுண்ணிய துளை வழியாகச் சீறிப் புறப்பட்டு, காற்றையும் இழுத்துக்கொண்டு மிக்ஸிங் டியூப் என்னும் குழாய்க்குள் போகிறது. அந்தக் குழாயின் மறுமுனை கிண்ணம்போல விரிந்திருக்கும். பர்னரின் அடியில் ஒரு வளையம் கீழ்நோக்கி நீண்டிருக்கும். அது அந்தக் கிண்ணத்துக்குள் இறங்க, வளையத்துக்கு மேலே உள்ள படி கிண்ணத்தின் விளிம்பின்மேல் சமமாக உட்காரும். இடையில் ரப்பரோ வாஷரோ எதுவும் கிடையாது. உலோகத்தின்மேல் உலோகம் சரியாகப் படிவதால்தான் வாயு பக்கவாட்டில் கசியாமல் ஓட்டைகள் வழியாக மட்டும் மேலே வருகிறது. ஆகவே ஒரு பர்னர் ஓர் அடுப்புக்குப் பொருந்துமா என்பதை முதலில் தீர்மானிப்பது அடிவளையத்தின் வெளிவிட்டமே. மேலே தெரியும் ஓட்டைகளின் வரிசையும் பளபளப்பும் அதற்கு உதவுவதில்லை. மேலிருந்து எடுக்கும் படத்தில் அந்த வளையம் தெரியவே தெரியாது.

இது எனக்குத் தெரிந்ததுதான் என்பதால், பர்னரைக் கவிழ்த்து வைத்து, பக்கத்தில் ஏ.டி.எம். அட்டையை வைத்துப் படம் எடுத்து அனுப்பும்படி அக்காவிடம் கேட்டேன். அளவுக்குப் பத்து ரூபாய் நாணயத்தையும் வைக்கலாம், அதன் விட்டம் 27 மி.மீ. ஐந்து ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் ஆண்டுக்கு ஆண்டு அளவு மாறி வந்திருப்பதால் அவற்றை நான் ஏற்பதில்லை. ஆனால் பர்னர் போன்ற பெரிய பொருளுக்கு அட்டையே மேல். எந்த வங்கியின் அட்டையானாலும் அதன் நீளம் 85.6 மி.மீ.; அளவுகோல் நீளமாக இருந்தால் கணக்கில் வரும் பிழையும் குறையும். படம் வந்தது. கணினித் திரையில் அட்டையையும் வளையத்தையும் அளந்து விகிதம் போட்டுப் பார்த்தபோது வளையத்தின் விட்டம் 62 மி.மீ. என்று வந்தது. அந்த அளவு பர்னரை எடுத்து, பொட்டலம் கட்டி, கூரியரில் அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அக்கா தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, இது உள்ள இறங்கவே மாட்டேங்குது. மேலயே நிக்குது. பத்த வச்சுப் பாத்தா அடியில சுத்தி நெருப்பு வருது.” உடனே நாபைத் திருப்பி அணைக்கச் சொன்னேன். வளையம் கிண்ணத்துக்குள் இறங்காததால் பர்னரின் படிக்கும் கிண்ணத்தின் விளிம்புக்கும் இடையே இடைவெளி விழுந்து, வாயு அந்த வழியாகவே வெளியேறி எரிந்திருக்கிறது. அந்த நெருப்பு கொஞ்ச நேரம் நீடித்திருந்தாலும் அடியிலுள்ள நாபுகளும் ரப்பர்க் குழாயும் சூடேறியிருக்கும். அன்று இரவு எனக்குச் சரியாக உறக்கம் வரவில்லை. அட்டையை வைத்து அளந்தும் ஏன் தவறியது என்று மீண்டும் மீண்டும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரணம் படத்திலேயே இருந்தது. பர்னரைக் கவிழ்த்து வைத்தால் அடிவளையம் மேலே வந்துவிடுகிறது. அந்த பர்னரின் உயரம் சுமார் 25 மி.மீ. அட்டையோ மேசைமேல் கிடக்கிறது. அக்கா கைப்பேசியை மேசையிலிருந்து ஏறத்தாழ 30 செ.மீ. உயரத்தில் பிடித்துப் படம் எடுத்திருக்கிறார். அப்படியானால் கேமராவிலிருந்து அட்டை 30 செ.மீ. தொலைவிலும் வளையம் 27.5 செ.மீ. தொலைவிலும் இருந்திருக்கின்றன. அருகில் இருக்கும் பொருள் பெரிதாகத் தெரியும். 30-ஐ 27.5-ஆல் வகுத்தால் 1.09, அதாவது வளையம் தன் அளவைவிட நூற்றுக்கு ஒன்பது பங்கு பெரிதாகப் பதிவாகியிருக்கிறது. 62-ஐ 1.09-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 57 மி.மீ. வருகிறது. 57-க்கும் 62-க்கும் உள்ள வேறுபாடு திரையில் கண்ணுக்கே தெரியாது. அடுப்பிலோ அது பொருந்துவதற்கும் பொருந்தாததற்கும் உள்ள வேறுபாடு.

ஆனால் 30 செ.மீ. என்பது என் ஊகம். ஓர் ஊகத்தை நம்பி இரண்டாவது பர்னரை அனுப்ப மனம் வரவில்லை. மறுநாள் காலை அக்காவை அழைத்து, படமே வேண்டாம், இரண்டு அளவுகளை மட்டும் எடுத்துத் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். முதலாவது, நோட்டுப் புத்தகத்திலிருந்து நீளவாக்கில் ஒரு காகிதப் பட்டையைக் கிழித்து, பழைய பர்னரின் அடிவளையத்தை ஒரு சுற்று இறுக்கமாகச் சுற்றி, முனை சேருமிடத்தில் பேனாவால் கோடு போட வேண்டும். பிறகு பட்டையைப் பிரித்துப் பள்ளிக்கூட ஸ்கேலில் அளக்க வேண்டும். இரண்டாவது, அடுப்பு ஆறியபின் பர்னரை எடுத்துவிட்டு, விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, மிக்ஸிங் டியூபின் கிண்ணத்துக்குள் குறுக்காக வளையாமல் நிற்கும் அளவுக்குச் சிறிது சிறிதாக நறுக்கிக்கொண்டே வந்து, கிண்ணத்தின் மிக அகன்ற இடத்தில் சரியாக நிற்கும்போது அதன் நீளத்தை அளக்க வேண்டும்.

காகிதப் பட்டையின் அளவு 17.9 செ.மீ. என்று அவருடைய மகள் எழுதி அனுப்பினாள். 179 மி.மீ.-ஐ 3.14-ஆல் வகுத்தால் 57 மி.மீ. ஈர்க்குச்சி 58 மி.மீ. இரண்டும் ஒன்றையொன்று உறுதி செய்தன. 58 மி.மீ. கிண்ணத்துக்குள் 57 மி.மீ. வளையம் சுற்றிலும் அரை மில்லிமீட்டர் இடைவெளியோடு இலகுவாக இறங்கும், ஆட்டம் காணாது. சுற்றளவை அளப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. பட்டையில் ஒரு மி.மீ. பிசகினாலும் விட்டத்தில் அதன் மூன்றில் ஒரு பங்குப் பிழைதான் வரும். பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்புகிறவர்களும் உண்டு. பென்சில் முனையின் தடிப்பு இரு பக்கமும் சேர்வதால், அந்த வட்டம் ஒன்றிரண்டு மி.மீ. பெரிதாகவே வருகிறது.

புதிய பர்னர் போய்ச் சேர்ந்ததும், பற்றவைப்பதற்கு முன் அதை வைத்து விரலால் சுற்றிப் பார்க்கச் சொன்னேன். தடையில்லாமல் சுழல வேண்டும், எந்தப் பக்கம் அழுத்தினாலும் மறுபக்கம் தூக்கக் கூடாது. பிறகு சமையலறை விளக்கை அணைத்துவிட்டுப் பற்றவைத்து, பர்னர் கிண்ணத்தில் உட்காரும் கோட்டைக் கண்மட்டத்தில் பார்க்க வேண்டும். அந்தக் கோட்டில் ஊசிமுனை அளவு நீலச்சுடர் தெரிந்தாலும் அந்த பர்னர் வேண்டாம். பெரிய பர்னரை அனுப்பினால் தவறு உடனே தெரிந்துவிடும். சிறியதை அனுப்பினால்தான் ஆபத்து அதிகம். அது கிண்ணத்துக்குள் இறங்கிவிடும், பார்வைக்குப் பொருந்தியதுபோலவே இருக்கும், கனமான குக்கரை ஏற்றி இறக்கும்போது சற்றே சாய்ந்து ஒரு பக்கம் கசியத் தொடங்கும். அக்காவின் அடுப்பில் இந்த முறை கோடு முழுவதும் இருட்டாகவே இருந்தது.

அதற்குப் பிறகு படம் கேட்பதை நான் விட்டுவிடவில்லை. அது பித்தளையா வார்ப்பு இரும்பா, ஒரே துண்டா, தட்டும் மூடியும் தனித்தனியாக வரும் வகையா என்பதையெல்லாம் படம் சொல்லிவிடும். சில சமயம் பர்னரை மாற்றவே தேவையில்லை என்பதையும் சொல்லும். ஓட்டைகள் நன்றாக இருந்து தீ மட்டும் சிறுத்திருந்தால், ஜெட்டில் அடைப்போ மிக்ஸிங் டியூபுக்குள் பூச்சிக்கூடோ இருக்கலாம். வகையைப் படத்தில் பார்த்துக்கொள்கிறேன். அளவைக் காகிதப் பட்டையும் ஈர்க்குச்சியும்தான் தர வேண்டும்.

சில மாதங்கள் கழித்து அதே அக்காவிடமிருந்து மீண்டும் ஒரு படம் வந்தது. இந்த முறை ரெகுலேட்டர். புது சிலிண்டர் மாட்டியதிலிருந்து வாடை வருகிறது, இதே மாதிரி ஒன்று அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். படத்தைப் பார்த்த உடனேயே பதில் எழுதாமல் அழைத்தேன். ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டர் வாயில் பாதுகாப்பு மூடியைப் போட்டு, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, மின்சுவிட்ச் எதையும் போடவோ அணைக்கவோ வேண்டாம் என்று சொன்ன பிறகே மற்றதைப் பேசினேன்.

வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரின் ரெகுலேட்டரை நாங்கள் விற்பதில்லை. அது இணைப்போடு சேர்த்துக் கொடுக்கப்படும் பொருள். பழுதானால் எரிவாயு ஏஜென்சியில்தான் மாற்ற வேண்டும். கைப்பிடியைத் திருகி அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர்கள் சந்தையில் கிடைக்கின்றன. அவை ஓட்டல்களில் உள்ள பெரிய அடுப்புகளுக்கானவை. வீட்டு அடுப்பும் அதன் ஜெட்டும் ஏறத்தாழ 30 மில்லிபார் என்னும் மிகக் குறைந்த அழுத்தத்துக்கே அமைக்கப்பட்டவை என்பதால், அந்த ரெகுலேட்டர்களை வீட்டில் மாட்டவே கூடாது.

அக்காவின் ரெகுலேட்டரில் பழுது இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. முந்தைய சிலிண்டரில் அதே ரெகுலேட்டர் வாடையில்லாமல் வேலை செய்திருக்கிறது. மாறியது சிலிண்டர் மட்டுமே. இரண்டுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் கறுப்பு ரப்பர் வளையம் சிலிண்டரின் வால்வுக்குள்தான் இருக்கிறது, ரெகுலேட்டரில் இல்லை. அது விட்டுப்போயிருந்தாலோ வெடித்திருந்தாலோ எத்தனை புது ரெகுலேட்டர் மாட்டினாலும் கசியும். 1906 என்ற அவசர எண்ணுக்கு, வீட்டுக்கு வெளியே போய் நின்று அழைக்கச் சொன்னேன். வந்த மெக்கானிக் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது வளையத்தில் ஒரு வெட்டு இருந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டு, பழைய ரெகுலேட்டரையே மாட்டி, சோப்பு நுரை வைத்துச் சோதித்துக் கொடுத்துவிட்டுப் போனார். வெட்டுப்பட்ட வளையத்தைத் தரையில் வைத்து, பக்கத்தில் மறக்காமல் ஒரு ஸ்கேலையும் வைத்து, அக்கா எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார்.