கடன் நோட்டை ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்: ஒரு யூஎக்ஸ் இன்டர்னின் அனுபவம்

ஆப்பைப் பயன்படுத்துவோரின் அனுபவத்தை ஆராயும் யூஎக்ஸ் வேலைக்கு நான் இன்டர்னாகச் சேர்ந்த டீம், மளிகைக் கடைகளுக்கான கடன் கணக்கு ஆப் ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. கடைக்காரர்கள் ஆப்பை டவுன்லோட் செய்து கொஞ்ச நாள் கணக்கு ஏற்றுவார்கள். அப்புறம் பழைய நோட்டுக்கே திரும்பிவிடுவார்கள். ஏன் என்று தெரிந்துகொண்டு வருவதுதான் எனக்குக் கொடுத்த வேலை. வேளச்சேரிப் பக்கம் சில கடைகள், ஒவ்வொன்றிலும் 15, 20 நிமிடப் பேச்சு. அதற்கு மேல் கேட்டால் வியாபாரம் கெடும்.

போகும் நேரம் முக்கியம். காலையிலும் மாலையிலும் கடையில் நிற்க இடமிருக்காது. மதியம் 2 மணிக்கு மேல் கொஞ்சம் ஓயும். நான் கேட்க, இன்னொரு இன்டர்ன் எழுதுவாள். கல்லாவுக்குப் பக்கத்தில் போனை வைத்து ரெக்கார்ட் செய்யலாமா என்றால் பலருக்கு முகம் மாறுகிறது, கடன் விவகாரம் ஆயிற்றே. அதனால் கையெழுத்துக் குறிப்புதான்.

"ஆப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் "நல்லாருக்கும்மா" என்று ஒரே பதில். கடை தேடி வந்த பிள்ளையிடம் வேறென்ன சொல்வார்கள்? நடந்ததைக் கேட்க வேண்டும். "அண்ணாச்சி, கடைசியா யாருக்குக் கடன் கொடுத்தீங்க? அந்தப் பக்கத்தைக் காட்டுறீங்களா?" என்றதும் நோட்டு வெளியே வரும், பேச்சும் வரும். ஒருவர் காட்டிய பக்கத்தில் பெயரே இல்லை, "மாடி வீட்டு அக்கா" என்று மட்டும் இருந்தது. ஆப்பிலோ பெயரும் போன் நம்பரும் கொடுக்காமல் கணக்கே தொடங்க முடியாது.

கடையை விட்டு இறங்கியதும் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து குறிப்பை நிரப்பிவிடுவோம். அடுத்த கடைக்குப் போய்விட்டால் இவர் சொன்னதும் அவர் சொன்னதும் கலந்துவிடும். ஒரு ஸ்டிக்கி நோட்டில் ஒரே விஷயம், மூலையில் க1, க2 என்று கடைக் குறியீடு. அவர் வாயால் சொன்னது மஞ்சளில், நாங்கள் கண்ணால் பார்த்தது நீலத்தில். எங்கள் ஊகம் எதுவானாலும் ரோஸ். ரோஸ் தாளை மட்டும் வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்பது எங்கள் லீட் போட்ட சட்டம்.

பிறகு எல்லாவற்றையும் சுவரில் ஒட்டிப் பிரிக்க வேண்டும். ஜப்பானிய மானுடவியலாளர் ஜிரோ கவாகிடா தன் களக்குறிப்புகளைத் தொகுக்க உருவாக்கிய கேஜே முறையின் வழி வந்தது இது. முதலில் தலைப்பு வைக்காமல், ஒன்றோடொன்று ஒட்டுகிற தாள்களைப் பக்கத்தில் சேர்ப்பது, பெயரைக் கடைசியில் வைப்பது. தலைப்போடு தொடங்கினால் "என்ட்ரி", "பில்", "ரிமைண்டர்" என்று நம் கேள்வித்தாளே சுவரில் திரும்ப வந்து நிற்கும்.

ரிமைண்டர் மெசேஜ்தான் ஆப்பின் பெரிய பலம் என்று டீமில் எல்லாரும் நம்பினார்கள். சுவரிலோ இப்படித் தாள்கள்: "மெசேஜ் போச்சுன்னா நாளைக்கு எதிர்க்கடைக்குப் போயிடுவாங்க" (மஞ்சள், க2). ரிமைண்டர் ஆஃப் செய்து வைத்திருக்கிறார் (நீலம், க4). "சம்பளத் தேதி தெரியும், அன்னைக்கு வருவாங்க" (மஞ்சள், க5). மூன்றையும் சேர்த்து "ரிமைண்டர்" என்று எழுதினால் அது வெறும் தலைப்பு. "கேட்டு வாங்குவது மரியாதைக் குறைவு என்று கருதுவதால் மெசேஜ் அனுப்புவதில்லை" என்று எழுதினால் அது தீம். பொய்யாகப் போகக்கூடிய ஒரு முழு வாக்கியமாக இருந்தால்தான் அதைச் சோதிக்க முடியும்.

சோதித்தோம். க6 கடைக்காரர் மெசேஜ் அனுப்புகிறார்! தனியாக நின்ற அந்தத் தாளை ஓரம் கட்டிவிடக் கை பரபரத்தது. ஆனால் யாருக்கு அனுப்புகிறார் என்று குறிப்பைத் திரும்பப் படித்தால், வீடு மாறிப் போனவர்களுக்கு மட்டும். இனி கடைக்கு வரப்போவதில்லை என்று தெரிந்தவர்களிடம்தான் கறாராகக் கேட்கிறார். முரண்போலத் தெரிந்தது அந்தத் தீம் வாக்கியத்தைக் கூர்மையாக்கிவிட்டது: "உறவு தொடரும் வரை மெசேஜ் இல்லை, அறுந்த பிறகுதான்." எல்லாத் தாளும் கச்சிதமாகப் பொருந்தும் சுவரைவிட இப்படி ஒன்றிரண்டு இடிக்கும் சுவரைத்தான் இப்போது நான் அதிகம் நம்புகிறேன்.

எங்கேயும் ஒட்டாத தாள்களும் மிஞ்சின. "பையன் போனை எடுத்துட்டுப் போயிடுறான்" என்பது அதில் ஒன்று. ஒரே கடையில் கேட்டது என்பதால் தீம் ஆக்காமல், அடுத்த சுற்றில் கேட்க வேண்டியதாக எழுதி வைத்தோம்.

அறிக்கை காட்டியபோது ப்ராடக்ட் மேனேஜர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை சதவீதம் பேர்?" விரல்விட்டு எண்ணக்கூடிய கடைகளிலிருந்து சதவீதம் சொல்வது ஏமாற்று வேலை. ஏன் அனுப்புவதில்லை என்பதை இந்தப் பேச்சுகள் காட்டும். எத்தனை பேர் என்பதற்கு ஆப்பின் தரவைத்தான் பார்க்க வேண்டும் என்றோம். ரிமைண்டரை யார் யாருக்கு ஆன் செய்திருக்கிறார்கள் என்று எடுத்துத் தரும்படி டேட்டா டீமிடம் அவரே சொல்லிவிட்டார். பெயருக்குப் பதில் பட்டப்பெயரும் நம்பர் இல்லாத கணக்கும் ஏற்றுக்கொள்ளும் மாற்றம் மட்டும் அதற்குக் காத்திராமல் டீமின் அடுத்த வேலைச் சுற்றான ஸ்பிரின்டிலேயே சேர்ந்தது.